நாலு மணிக்கு எரியும் கண்ணுக்கு முதல் படத்தில் எதைப் போடுவது?

கேள்வி: டாக்டர், வணக்கம். எனக்கு 31 வயது. சேலத்தில் மெடிக்கல் கோடிங் வேலை. தினமும் பத்து மணி நேரம் திரை முன்னால்தான். மாலை நாலு மணி ஆனால் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, எரிகிறது, தண்ணீராக வடிகிறது. எழுத்து மங்குகிறது, இரண்டு தடவை சிமிட்டினால் தெளிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் அம்மா வீட்டுக்குப் போனால் ஒன்றுமே இல்லை. பச்சையைப் பார்ப்பதாலா? ஆபீஸில் கண் சோர்வு பற்றி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் கரோசல் படங்கள் எட்டு தயாரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணில் வைப்பது, விழியைச் சுழற்றுவது, பென்சில் பயிற்சி, 20-20-20, குளிர்ந்த தண்ணீர் அடிப்பது, நீல ஒளிக் கண்ணாடி என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக நானே எல்லாம் செய்தும் எரிச்சல் குறையவில்லை. எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டு தடவை சிமிட்டினால் எழுத்து தெளிகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். கண்ணாடி பவர் தவறாக இருந்தால் எத்தனை தடவை சிமிட்டினாலும் மங்கல் மங்கலாகவே இருக்கும். சிமிட்டியதும் தெளிகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் கண்ணின் மேற்பரப்பில், கண்ணீர்ப் படலத்தில் இருக்கிறது. அதாவது உங்கள் கண் களைத்துப் போனதை விட உலர்ந்து போனதுதான் அதிகம். நீங்கள் ஒரு மாதம் செய்த பயிற்சிகளில் பெரும்பாலானவை விழியை அசைக்கிற தசைகளுக்கானவை. உலர்ந்த இடத்துக்கு அவற்றால் ஒன்றும் போய்ச் சேரவில்லை. அதனால்தான் குறையவில்லை. நீங்கள் செய்த முறையில் தப்பு இல்லை.

கருவிழியின் மேல் எப்போதும் மிக மெல்லிய ஒரு நீர்ப்படலம் இருக்கும். அதன் மேலே இன்னும் மெல்லியதாக ஓர் எண்ணெய்ப் பூச்சு. குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணெய்தான் அடியில் உள்ள நீரைச் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. இமைகளின் விளிம்பில், முடி முளைக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே, வரிசையாகச் சின்னச் சின்னச் சுரப்பி வாய்கள் இருக்கின்றன. மேல் இமையும் கீழ் இமையும் முழுசாக ஒன்றோடு ஒன்று தொட்டு அழுந்தும்போது அவற்றிலிருந்து எண்ணெய் கசியும். மேல் இமை திரும்ப ஏறும்போது அதைக் கண் முழுக்கப் பரப்பிவிடும். ஒவ்வொரு இமைப்பும் ஒரு புதுப் பூச்சு.

சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். திரையில் கவனமாக எதையாவது படிக்கும்போது அது ஐந்து, ஆறு என்று இறங்கிவிடுகிறது. இமைக்கிற கணத்தில் பார்வை மறைகிறது அல்லவா? கவனம் கூடும்போது எதையும் தவறவிடக் கூடாது என்று மூளை இமைப்பைத் தள்ளிப் போடுகிறது. உங்கள் வேலையில் ஓர் இலக்கம் மாறினாலும் நோய்க்கான குறியீடே மாறிவிடும். எனவே நீங்கள் அதிகமாகவே தள்ளிப் போடுவீர்கள். பத்து மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 9,000 தடவை நடக்க வேண்டிய பூச்சு 3,000 தடவைதான் நடக்கிறது.

எண்ணிக்கை குறைவது பாதிக் கதைதான். இன்னொரு பாதியை யாரும் கரோசலில் எழுதுவதில்லை. திரை பார்க்கும்போது நடக்கிற அந்தக் கொஞ்ச இமைப்புகளிலும் பல அரைகுறையானவை. மேல் இமை பாதி தூரம் இறங்கி, கீழ் இமையைத் தொடாமலே ஏறிவிடும். கருவிழியின் கீழ்ப் பகுதிக்குப் பூச்சு கிடைக்காது. இமைகள் அழுந்தாததால் எண்ணெயும் வெளியே வராது. பரிசோதனையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆரஞ்சு நிறச் சாயத்தாள் ஒன்றை நனைத்து இமையோரம் தொட்டுவிட்டு, நீல விளக்கில் பெரிதாக்கிப் பார்ப்போம். படலம் பச்சையாக ஒளிரும். கடைசி இமைப்பிலிருந்து எண்ணுவோம். அந்தப் பச்சையில் எங்கேயாவது கறுப்பாக ஓட்டை விழுந்தால் அங்கே படலம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல கண்ணில் இது பத்து விநாடிக்கு மேல் தாங்கும். ஐந்துக்குக் கீழே என்றால் உலர்ச்சி தெளிவாக இருக்கிறது. அரைகுறையாக இமைப்பவர்களுக்குக் கருவிழியின் கீழ்ப் பாதியில் ஊசியால் குத்தின மாதிரி பச்சைப் புள்ளிகள் தெரியும். அவர்கள் 'மண் விழுந்த மாதிரி' என்று சொல்வது அந்தப் புள்ளிகளைத்தான்.

தண்ணீராக வடியும் கண்ணை உலர்ந்த கண் என்கிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். மேற்பரப்பு காய்ந்து எரியும்போது கண்ணீர்ச் சுரப்பி பதறிப்போய் ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டும். அதில் எண்ணெய் போதாது. அதனால் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும், அடியில் கண் காய்ந்தேதான் இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். 34 வயது. வெள்ளிக் கொலுசுக்கு டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைகிறவர். ஒரு முத்து, ஒரு வளையம் என்று திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வரைகிற வேலை. இரண்டு வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றியிருந்தார், அதில் ஒன்று நீல ஒளியைத் தடுக்கிறது என்று விலை கொடுத்து வாங்கியது. பவர் பார்த்தால் கால் அளவுகூடத் தாண்டவில்லை. கண்ணாடியே தேவைப்படாத கண்கள். ஆனால் படலம் இடது கண்ணில் ஐந்து விநாடி, வலது கண்ணில் மூன்று விநாடிதான் தாங்கியது. வலது கண் மட்டும் ஏன் மோசம் என்று கேட்டபோது முதலில் அவருக்குப் புரியவில்லை. மேஜையில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரையச் சொன்னேன். வலது கைப்பக்கம், முகத்துக்கு நேரே, ஒரு மேஜை மின்விசிறி.

அடுத்த நாள் வேலை நேரத்தில் போனைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துத் தன் முகத்தைப் பத்து நிமிடம் வீடியோ எடுத்துவரச் சொன்னேன். முதல் சில நிமிடங்களில் வீடியோ ஓடுகிற நினைப்பு இருக்கும், நிறைய இமைப்போம். அதனால் நடுவில் உள்ள இரண்டு நிமிடத்தை மட்டும் இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். ஒன்பது இமைப்பு. அதில் ஆறு, பாதியில் திரும்பியவை. அவர் அதை மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் அவருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் கரோசலின் முதல் படமாக இதைத்தான் போடச் சொல்வேன். "பத்து நிமிடம் உங்களை வீடியோ எடுங்கள், நடுவில் இரண்டு நிமிடம் எண்ணுங்கள், எத்தனை இமைப்பு முழுசாக மூடியது?" அவ்வளவுதான். தன் கண்ணைத் தானே பார்த்தவர் அடுத்த படத்துக்குத் தள்ளுவார்.

இரண்டாவது படம், முழு இமைப்பு. பயிற்சி என்று ஒன்றே ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் நான் இதை வைப்பேன். தூங்கப் போகிற மாதிரி மெதுவாகக் கண்ணை மூடுங்கள். மூடியபடி இரண்டு விநாடி இருங்கள். திறங்கள். மறுபடி அதே மாதிரி மூடி, இந்தத் தடவை இமைகள் ஒன்றையொன்று இலேசாக அழுத்தும்படி இன்னும் இரண்டு விநாடி. திறங்கள். இது ஒரு சுற்று. ஐந்து சுற்று செய்ய அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

இதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. முகத்தைச் சுளித்து, புருவம் கீழே வரும்படி இறுக்கி மூடுவார்கள். அப்போது வேலை செய்வது இமை அல்ல, கன்னமும் நெற்றியும்தான். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கண்களின் வெளி ஓரத்தில், நெற்றிப்பொட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் தோல் இழுபட்டால் அதிகமாக இறுக்குகிறீர்கள். விரலுக்கு ஒன்றுமே தெரியாமல் இமை மட்டும் இறங்கித் தொட்டால் அதுதான் சரியான இமைப்பு. இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். அப்புறம் விரல் வைக்க வேண்டியதில்லை.

எப்போது செய்வது என்பதிலும் சிக்கல் உண்டு. போனில் மணியடிக்க வைத்தால் நாலு நாள் செய்வோம், ஐந்தாம் நாள் மணியை அமர்த்திவிட்டு வேலையைத் தொடர்வோம். கொலுசுக்காரரிடம் ஃபைலைச் சேமிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று என்று சொன்னேன். உங்களுக்கு ஒரு நோயாளியின் சார்ட்டை முடித்து அடுத்ததைத் திறக்கும் முன் என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே கை தானாகச் செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டால் மறக்காது. சார்ட் பெரிதாக இருந்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நடுவிலும் செய்யுங்கள்.

அவர் மின்விசிறியைத் திருப்பி, ஆறு வாரம் இதைச் செய்துவிட்டு வந்தபோது இரண்டு கண்ணும் ஏழு விநாடி தாங்கின. பச்சைப் புள்ளிகள் ஏறக்குறைய மறைந்திருந்தன. பண்டிகைக்கு முன் ஆர்டர் குவிகிற நாட்களில் இன்னும் எரிகிறது என்கிறார். அது எரியத்தான் செய்யும், பன்னிரண்டு மணி நேரம் திரையைப் பார்த்தால் இமைப்புப் பயிற்சி அத்தனையையும் ஈடுகட்டாது.

மூன்றாவது படம், நீங்கள் எழுதி வைத்திருக்கிற 20-20-20. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால், இருபது விநாடி பார்ப்பது. இதைத் தாராளமாக வையுங்கள், ஆனால் எதற்காக என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் ஒரு வளையத் தசை சுருங்கி, உள்ளே உள்ள லென்ஸைத் தடிமனாக்குகிறது. அரை மீட்டரில் உள்ள திரைக்கு அது இரண்டு பவர் அளவு உழைக்க வேண்டும். 33 சென்டிமீட்டரில் பிடித்திருக்கும் போனுக்கு மூன்று பவர். இருபது அடி, அதாவது ஆறு மீட்டருக்கு அப்பால் போனால் ஏறக்குறைய ஒன்றுமில்லை, தசை தளர்ந்துவிடும். இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒன்று விளங்கும். டீ குடிக்க எழுந்து போய்ப் போனை எடுத்துப் பார்க்கிறோமே, அந்த நேரத்தில் கண் திரையில் உழைத்ததை விட அதிகமாக உழைக்கிறது. படத்தில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்: இடைவேளையில் டம்ளர் கையில் இருக்கட்டும், போன் மேஜையில் இருக்கட்டும்.

சேலத்தில் இருக்கிற உங்களுக்கு இதற்கு ஒரு வசதி உண்டு. வடக்கு பார்த்த ஜன்னலோ மொட்டை மாடியோ இருந்து, நடுவில் கட்டடம் மறைக்காவிட்டால் சேர்வராயன் மலை தெரியும். ஜன்னலுக்குப் போய் மலை விளிம்பில் ஏதாவது ஒரு மேட்டை எடுத்துக்கொண்டு, அதன் ஓரம் கூர்மையாகத் தெரிகிற வரை பாருங்கள். முதல் சில விநாடி மங்கலாகத் தெரிந்து பிறகு தெளிந்தால், உள் தசை இறுகியிருந்து இப்போதுதான் தளர்கிறது என்று பொருள். இருபது விநாடியும் தாண்டி இப்படி மங்கலாகவே இருந்தால் பவரைச் சோதிக்க வேண்டும். ஜன்னல் இல்லாத ஆபீஸ் என்றால் கூடத்தின் மறுகோடியில் இருக்கிற கடிகாரமோ நாட்காட்டியோ போதும். அங்கே பார்த்துக்கொண்டே முழு இமைப்பையும் செய்துவிட்டால் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் முடியும்.

ஏற்காட்டுப் பச்சை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மா வீட்டில் உங்கள் கண் நன்றாக இருப்பது உண்மை, ஆனால் காரணம் நிறம் அல்ல. அங்கே போனால் பத்து மணி நேரத் திரை இல்லை. பேசுகிறீர்கள், நடக்கிறீர்கள், தானாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை இமைக்கிறீர்கள். பார்வை காபித் தோட்டச் சரிவு, எதிர் மலை என்று தூரத்திலேயே இருக்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றும் குளிர்ந்து ஈரமாக இருப்பதால் கண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகிறது. கீழே இறங்கினால் பங்குனி சித்திரைச் சேலத்து வெயில், உள்ளே வந்தால் ஏசி. இரண்டிலுமே கண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். ஏற்காட்டிலேயே உட்கார்ந்து வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஒருவர் நாள் முழுக்கத் திரையை இமைக்காமல் பார்த்தால் அவருக்கும் எரியும். ஆகவே மேஜைக்குப் பக்கத்தில் பச்சைச் செடி வைக்கச் சொல்லும் படம் வேண்டாம். செடி அழகுக்கு இருக்கட்டும், இரண்டடி தூரத்தில் இருந்துகொண்டு கண்ணுக்கு அது ஓய்வு தராது.

நாலாவது படத்துக்குத் திரையின் உயரமும் காற்றும். லேப்டாப் கீழே இருந்தால் கழுத்து வலிக்கிறது என்று அதைப் பெட்டி மேல் பெட்டியாக அடுக்கி, கண்ணை விட உயரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். திரை மேலே போனால் கண் அகல விரிகிறது, காற்று படும் பரப்பு கூடுகிறது, கண்ணீர் வேகமாக ஆவியாகிறது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, நடுப்பகுதி கண் மட்டத்திலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான அளவு கீழே இருக்கட்டும். தூரம், உட்கார்ந்தபடி கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடுகிற அளவு. அங்கிருந்து எழுத்து தெரியவில்லை என்றால் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் எழுத்தைப் பெரிதாக்குங்கள். மின்விசிறி, ஏசிக் காற்று முகத்தில் நேராகப் படாமல் திருப்புங்கள். இது ஒரு நிமிட வேலை, கொலுசுக்காரரின் வலது கண்ணைப் பாதி குணமாக்கியது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் டீமில் நாற்பதைத் தாண்டியவர்கள் இருந்தால் அவர்கள் கணக்கு வேறு. அந்த வயதில் உள் லென்ஸின் நெகிழ்வு குறைந்துவிடுவதால் கிட்டப் பார்வைக்கு உழைக்கிற சக்தியே குறைவு. அவர்களுக்கு இந்தப் பயிற்சிகள் எதுவும் கண்ணாடிக்குப் பதில் ஆகாது. ஏற்கெனவே மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு என்று இரண்டு பவர் சேர்ந்த கண்ணாடி போட்டிருந்து, திரையைக் கீழ்ப் பகுதி வழியே பார்க்கத் தாடையைத் தூக்குகிறார்கள் என்றால், திரை தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு வரி போதும்.

அடுத்து, எடுக்க வேண்டியவை. உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணின் மேல் கவிழ்ப்பது இதமாக இருக்கும், ஒரு நிமிடம் கண்ணை மூடியிருப்பதாலேயே கொஞ்சம் ஈரம் சேரும். கெடுதல் இல்லை. ஆனால் கை கழுவாமல் செய்யக் கூடாது, கண் விழியை அழுத்தவும் கூடாது. இதைச் செய்தால் பவர் குறையும், கண்ணாடியைக் கழற்றலாம் என்று எழுதிவிடாதீர்கள். சுமார் நூறு வருடமாக அப்படி ஒரு பேச்சு இருந்துகொண்டே இருக்கிறது. பவர் என்பது கண் பந்தின் நீளத்தாலும் கருவிழியின் வளைவாலும் வருவது, கைச் சூட்டால் அவை மாறாது. விழியைச் சுழற்றுவதும் அப்படித்தான். விழியை அசைக்கிற தசைகள் நாள் முழுக்க ஓய்வில்லாமல் அசைந்துகொண்டுதான் இருக்கின்றன, அவற்றுக்கு உடற்பயிற்சி தேவைப்படவில்லை. அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

பென்சில் பயிற்சியைப் பொதுவாக எல்லோருக்கும் சொல்ல வேண்டாம். அது ஒரு குறிப்பிட்ட கோளாறுக்கான மருந்து மாதிரி. கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து உள்நோக்கித் திரும்ப வேண்டும், சிலருக்கு அது சரியாக வராது. படிக்கும்போது எழுத்து இரண்டாகத் தெரியும், வரி ஓடும், ஒரு கண்ணை மூடினால் நிம்மதியாக இருக்கும். பென்சில் முனையை மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவரும்போது பத்து சென்டிமீட்டர் தூரத்துக்கு முன்னாலேயே அது இரண்டாகப் பிரிந்தால் பரிசோதனைக்கு வரட்டும். உங்களுக்கு அந்த அடையாளம் எதுவும் இல்லை, அதனால் நீங்கள் ஒரு மாதம் செய்தது வீண் உழைப்பு.

நீல ஒளிக் கண்ணாடியைப் பற்றி 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசுகிற காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் திரைச் சோர்வு குறைகிறது என்று சொல்ல அதில் எதுவும் கிடைக்கவில்லை. வாங்கியவர்கள் போட்டுக்கொள்ளட்டும், கெடுதல் இல்லை. புதிதாகக் காசு போட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரைத் திறந்த கண்ணில் அடிப்பதுதான் எனக்குக் கவலை. முகம் கழுவுங்கள், மூடிய இமை மேல் தண்ணீர் படட்டும், தப்பில்லை. திறந்த கண்ணில் அடித்தால் ஏற்கெனவே குறைவாக இருக்கிற எண்ணெய்ப் பூச்சையும் கழுவி எடுத்துவிடுகிறீர்கள். அடித்த நிமிடம் குளுகுளு என்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி எரியலாம். பன்னீர், விளக்கெண்ணெய், தேன் எதுவும் கண்ணுக்குள் விட வேண்டாம். பாட்டி உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டால் சந்தோஷமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்ச்சிக்குப் பதிலாக வெதுவெதுப்பு. இதை ஐந்தாவது படமாகப் போடலாம். அரைகுறையாக இமைத்து இமைத்துச் சுரப்பிகளில் எண்ணெய் தேங்கினால், அது குளிர்காலத் தேங்காய் எண்ணெய் மாதிரி கெட்டியாகிவிடும். இரவு படுக்கும் முன் சுத்தமான துணியைச் சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சுடாமல் இதமாக இருந்தால் மூடிய கண்ணின் மேல் வைக்கலாம். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி நனைத்து வைக்க வேண்டும். மொத்தம் எட்டு முதல் பத்து நிமிடம். பலர் ஒரு தடவை வைத்துவிட்டு ஆறிய துணியோடு படுத்திருப்பார்கள், அதில் பயன் இல்லை. முடிந்ததும் விரல் நுனியால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக வருடிவிட்டு, பத்து முழு இமைப்பு. இமை சிவந்து வீங்கி வலித்தால் இந்த வருடலை மட்டும் விட்டுவிடுங்கள்.

சொட்டு மருந்தைக் கரோசலில் பெயர் சொல்லிப் போட வேண்டாம், ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். மருந்துக்கடையில் போய் 'கண் எரியுது, ஏதாவது குடுங்க' என்று கேட்டால் சில நேரம் ஸ்டீராய்டு கலந்த சொட்டு கைக்கு வந்துவிடும். இரண்டு நாளில் அற்புதமாகக் கேட்கும். அதனால் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கண்ணழுத்தம் ஏறி நரம்பு பாதிக்கப்பட்ட பிறகுதான் எங்களிடம் வருவார்கள், போன பார்வை திரும்ப வராது. சிவப்பை வெளுக்க வைக்கிற சொட்டும் வேண்டாம், விட்டதும் முன்னை விட அதிகமாகச் சிவக்கும். கண்ணை ஈரப்படுத்துகிற சாதாரணச் சொட்டு உங்களுக்கு உதவலாம், அதைப் பரிசோதித்து எழுதி வாங்குங்கள். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத வகையைக் கேளுங்கள். அந்த ரசாயனமே அடிக்கடி பட்டால் கண்ணை உறுத்தும்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஜலதோஷம், தும்மல், அரிப்பு என்று தினமும் இரவில் செட்ரிசின் போன்ற மாத்திரை போடுகிறீர்களா? அது மூக்கோடு கண்ணையும் உலர்த்தும். தலையாட்டுகிறீர்கள் என்றால், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லி வேறு வழி பாருங்கள். வாயும் சேர்ந்து உலர்கிறது, காலையில் விரல் மூட்டுகள் இறுகி வலிக்கின்றன என்றால் அது திரையால் வருவதில்லை, ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

ஆறாவது படம் கடைசிப் படமாக இருக்கட்டும், எட்டு வேண்டியதில்லை. அதில் பயிற்சி கிடையாது. ஒரு கண் மட்டும் சிவந்து வலிப்பது, வெளிச்சம் பட்டால் தாங்க முடியாமல் போவது, பார்வை திடீரென்று குறைவது, மின்னல் வெட்டுவது போலத் தெரிவது, புதிதாகக் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, எல்லாம் இரண்டாகத் தெரிவது, வாந்தியோடு கண் வலியும் தலைவலியும் சேர்ந்து வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இமைப்பதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

நீங்கள் ஆறு வாரம் முழு இமைப்பும் ஒத்தடமும் செய்யுங்கள். நாலு மணி எரிச்சல் ஆறு மணிக்குத் தள்ளிப் போனாலே முன்னேற்றம்தான். ஒரு மாறுதலும் இல்லையென்றால் சேலத்தில் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள கண் மருத்துவரிடம் போங்கள். அன்றைக்கு எந்த ஈரச் சொட்டும் விடாமல் போக வேண்டும், விட்டால் படலம் எத்தனை விநாடி தாங்குகிறது என்பது சரியாகத் தெரியாது. முடிந்தால் மாலை வேலை முடித்த கையோடு போங்கள், காலையில் கண் தேறியிருக்கும். போட்டிருக்கிற கண்ணாடியையும், உங்கள் இரண்டு நிமிட வீடியோவையும், கண்ணுக்கும் திரைக்கும் இடையில் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதிய ஒரு சீட்டையும் எடுத்துப் போங்கள். அந்தத் தூரம் தெரியாமல் பார்த்தால், சுவரில் தொங்குகிற எழுத்துப் பலகைக்குச் சரியான கண்ணாடியைத்தான் எழுதிக் கொடுக்க முடியும்.